சுக்கா சுண்டினால் கலோரி கூடுமா? சமைத்த எடையை வைத்துக் கணக்குப் போடுவது எப்படி

ஜிகர்தண்டாவுக்குப் பாலைச் சுண்டக் காய்ச்சுவார்கள் என்பது மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பாலில் இருந்தே இந்தக் கணக்கைத் தொடங்கிவிடலாம். பசும்பால் 100 கிராமில் ஏறக்குறைய 67 கலோரி என்கிறது அட்டவணை (நாம் பேச்சில் கலோரி என்று சொல்வது கிலோகலோரியைத்தான், இங்கேயும் அப்படியே). ஒரு கிலோ பாலில் 670 கலோரி. அதை அடுப்பில் வைத்துப் பாதியாகச் சுண்டவிட்டால் பாத்திரத்தில் 500 கிராம் மிஞ்சும். ஆவியாகப் போனது தண்ணீர் மட்டும்தான். தண்ணீரில் கலோரி கிடையாது. ஆகவே அந்த 670 கலோரியும் பாத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. எடை பாதியானதால் 100 கிராமுக்கு 134 ஆகிவிட்டது.

பால் விஷயத்தில் இது எல்லோருக்கும் உடனே புரிந்துவிடும். ஆனால் அதே ஆட்கள் கறிக்கோ சோற்றுக்கோ கணக்குப் போடும்போது, தட்டில் இருப்பதை எடை போட்டு, அட்டவணையில் இருக்கும் எண்ணால் அப்படியே பெருக்கிவிடுகிறார்கள். அங்கேதான் கணக்கு தப்பிப் போகிறது.

காரணம், நம்மிடம் இருக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் சமைக்காத பொருளுக்கானவை. இந்திய உணவுகளுக்கான இந்த அட்டவணை மரபு நம்ம ஊரில் இருந்துதான் கிளம்பியது. குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் அய்க்ராய்ட் 1937-ல் ஒரு சின்னக் கையேட்டை வெளியிட்டார். ஆய்வுக்கூடம் பிறகு ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. கையேடும் கோபாலன் முதலானோரின் கையில் விரிந்து, பல பதிப்புகள் கண்ட புத்தகமாயிற்று. 2017-ல் அதே நிறுவனம் 528 உணவுப் பொருள்களைப் புதிதாகப் பகுப்பாய்வு செய்து இன்னொரு தொகுப்பை வெளியிட்டது. அரிசி என்றால் அரிசி, சோறு இல்லை. கறி என்றால் கசாப்புக்கடையில் வாங்கிய பச்சைக்கறி, சுக்கா இல்லை. எல்லா எண்களும் உண்ணக்கூடிய பகுதி 100 கிராமுக்கு. (2017 தொகுப்பில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும். 4.184-ஆல் வகுத்தால் கலோரி வந்துவிடும். இதைக் கவனிக்காமல் "அரிசியில் 1490 கலோரியா!" என்று அலறுபவர்கள் உண்டு.)

அட்டவணையைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு வீட்டுச் சுக்காவும் ஒவ்வொரு பதத்தில் இருக்கும். அதற்கெல்லாம் யாரால் எண் போட முடியும்? பச்சைப் பொருளுக்குத்தான் ஓரளவு நிலையான எண் தர முடியும். அதில் இருந்து நம் சட்டிக்கு வருவது நம் வேலை.

ஒரு சட்டிச் சுக்கா

கணக்கைக் கையோடு போட்டுப் பார்க்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்த மட்டன் சுக்காவுக்கு ஒவ்வொன்றையும் சட்டியில் போடுவதற்கு முன்னால் எடை போட்டேன். எண்கள் கோபாலன் புத்தகத்தில் இருந்து எடுத்தவை. மசாலாவுக்கும் இஞ்சி பூண்டுக்கும் மட்டும் உத்தேசமாகச் சேர்த்து வைத்தேன்.

எலும்பில்லாத வெள்ளாட்டுக்கறி 500 கிராம். 100 கிராமுக்கு 118 வீதம் 590 கலோரி.
சின்ன வெங்காயம், உரித்தது, 200 கிராம். 59 வீதம் 118.
தக்காளி 100 கிராம். 20.
இஞ்சி பூண்டு விழுது 30 கிராம். சுமார் 32.
மிளகாய், மல்லி, மிளகு, சோம்புப் பொடிகள் 20 கிராம். சுமார் 60.
நல்லெண்ணெய் 50 கிராம். 9 வீதம் 450.
உப்பு 8 கிராம், தண்ணீர் 300 கிராம். பூஜ்யம்.

மொத்தம் 1270 கலோரி. உள்ளே போன எடை 1208 கிராம். கறிவேப்பிலையை விட்டுவிட்டேன், அதை யாரும் தின்பதும் இல்லை.

கறியைக் குக்கரில் வேகவைத்து, இரும்புச் சட்டியில் வெங்காயம் வதக்கி, கறியைச் சாற்றோடு கொட்டி, தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும் வரை கிளறினோம். இறக்கியபோது சுக்காவின் எடை 580 கிராம். அதாவது 628 கிராம் தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கிறது. நாம் ஊற்றியது 300 கிராம்தான். மிச்சம் கறியில் இருந்தும் வெங்காயம் தக்காளியில் இருந்தும் வந்தது. பச்சைக்கறியில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். வெங்காயத்தில் அதைவிடக் கூடுதல்.

இப்போது 1270-ஐ 580-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 219. இந்தச் சுக்கா 100 கிராமில் 219 கலோரி.

இதே 1270-ஐ உள்ளே போன 1208 கிராமால் வகுத்தால் 105 வரும். பாதிக்கும் கீழே! சமையல் குறிப்புகளைச் சேர்த்துக் கலோரி சொல்லும் சில செயலிகள், சமைத்த எடையை நீங்கள் தராவிட்டால், பொருள்களின் எடையைக் கூட்டி இப்படித்தான் வகுத்துவிடும். தட்டில் 150 கிராம் சுக்கா வைத்திருக்கிறீர்கள் என்றால் செயலி 158 என்று சொல்லும், உண்மையில் அது 329. அட்டவணையில் பார்த்த 118-ஐ அப்படியே போட்டாலும் 177-தான் வரும். அதில் எண்ணெய் வேறு மொத்தமாக விட்டுப்போகிறது.

சரி, அப்படியானால் இந்த 219-ஐ ஒரு தாளில் எழிதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடலாமா? கூடாது. அடுத்த வாரம் அதே அளவுகளோடு செய்து, இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாகச் சுருட்டி 500 கிராமில் இறக்கினால் 100 கிராமுக்கு 254. கொஞ்சம் தொக்காக, 700 கிராமில் இறக்கினால் 181. மூன்றிலும் சட்டிக்குள் இருப்பது அதே 1270-தான்.

இந்தக் கணக்கில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதுதான். மேலே இருக்கும் எண், அதாவது சட்டியின் மொத்தக் கலோரி, பொருள்கள் மாறாதவரை மாறாது. அதை ஒருமுறை போட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். கீழே இருக்கும் எண், சமைத்த எடை, ஒவ்வொரு தடவையும் மாறும். அதை ஒவ்வொரு தடவையும் நிறுத்துத்தான் ஆக வேண்டும்.

எப்போது, எப்படி நிறுப்பது

முதல் சிக்கல் சட்டி. சூடான சுக்காவை வேறு பாத்திரத்துக்கு மாற்றி நிறுத்தால் எண்ணெயும் மசாலாவும் பாதி சட்டியிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆகவே சட்டியோடு நிறுத்து, காலிச் சட்டியின் எடையைக் கழிப்பதுதான் சரி. அதற்குக் காலிச் சட்டியின் எடை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நான் வழக்கமாகப் பயன்படுத்தும் நாலு பாத்திரங்களின் எடையை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன். பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறார்களே, அந்த மாதிரி எடையையும் அடியில் வெட்டித் தந்தால் இன்னும் வசதி. கரண்டியை எடுத்துவிட்டு நிறுக்க வேண்டும், மூடியையும்தான்.

வீட்டுத் தராசுகள் பல 5 கிலோவரைதான் தாங்கும். கனமான இரும்புச் சட்டியும் ஒரு கிலோ கறியும் அதற்குள் அடங்கும். பெரிய அண்டா அடங்காது. அப்போது எவர்சில்வர் பாத்திரத்தில் இரண்டு மூன்று தவணையாக மாற்றி நிறுத்து, கடைசியில் ஒட்டியது எவ்வளவு என்று காலி அண்டாவையும் நிறுத்தால் போதும். சூடான சட்டியைத் தராசில் நேராக வைத்தால் எண் அலைபாயும், பிளாஸ்டிக்கும் உருகும். நடுவில் ஒரு மரப்பலகையை வைத்து, பலகையோடு தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு சட்டியை ஏற்றலாம்.

இரண்டாவது சிக்கல் நேரம். இறக்கிய பிறகும் ஆவி போய்க்கொண்டேதான் இருக்கும். பரிமாறும் நேரத்து எடைதான் நமக்கு வேண்டும். மத்தியானம் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை ராத்திரி சூடு பண்ணுகிறீர்கள் என்று வையுங்கள். மத்தியானம் மிஞ்சிய 290 கிராமில் 635 கலோரி இருந்தது. சூடுபண்ணியதில் அது 250 கிராமாகிவிட்டால், இரவில் 100 கிராமுக்கு 254. மத்தியான எண்ணை இரவுக்கு எடுத்துப் போகக் கூடாது.

நிறுத்தது சரியா என்று எப்படித் தெரியும்

இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. தண்ணீர் முழுவதும் போய்விட்டாலும் சட்டியில் மிஞ்சக்கூடிய எடை ஒன்று உண்டு: எண்ணெய், உப்பு, பிறகு ஒவ்வொரு பொருளிலும் உள்ள தண்ணீர் அல்லாத பகுதி. நம் சுக்காவில் கறியில் இருந்து 129 கிராம், வெங்காயத்தில் 31, தக்காளியில் 6, இஞ்சி பூண்டில் 9, பொடியில் 18, எண்ணெய் 50, உப்பு 8. ஆக மொத்தம் 251 கிராம். எவ்வளவு சுருட்டினாலும் 251-க்குக் கீழே போக வழியில்லை. மேலே 1208-க்கு மேல் போகவும் வழியில்லை. இந்த இரண்டுக்கும் வெளியே எண் விழுந்தால் சட்டி எடையைக் கழிக்க மறந்திருக்கிறோம், அல்லது தவறான சட்டியைக் கழித்திருக்கிறோம்.

இன்னொரு பயனும் உண்டு. 580-ல் 251-ஐக் கழித்தால் 329. அதாவது இறக்கிய சுக்காவில் பாதிக்கு மேல் இன்னும் தண்ணீர்தான். "சுக்கா" என்று பேர் இருந்தாலும் மெல்லக்கூடிய கறிக்கு அது நியாயமான அளவு. 300 கிராம் என்று தராசு காட்டியிருந்தால் 251-க்கு மேல்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. அந்த எடையில் கறி கருவாடாகியிருக்கும். சட்டிக்குள் எட்டிப் பார்த்தாலே எண் பொய் என்று தெரிந்துவிடும்.

தண்ணீர் மட்டும் போகாதபோது

இவ்வளவும் ஒரே ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது: சட்டியை விட்டு வெளியே போனது தண்ணீர் மட்டும்தான். அது பொய்யாகும் இடங்கள் உண்டு.

எண்ணெய் முதலாவது. பரிமாறி முடித்த பின் சட்டியின் அடியில் எண்ணெய் தேங்கியிருக்கும். அதில் 20 கிராம் இருந்தால் 180 கலோரி யார் வயிற்றுக்கும் போகவில்லை. காலிச் சட்டியை மறுபடி நிறுத்தால் மிச்சம் தெரிந்துவிடும். ஆனால் நம் வீடுகளில் அந்தச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டித் தின்ன ஒருவர் காத்திருப்பார். அவர் கணக்கில் அதைச் சேர்த்துவிடுங்கள்.

எலும்பு அடுத்தது. எலும்போடு வாங்கினால், சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளில் இருக்கும் எலும்பையெல்லாம் சேர்த்து நிறுத்து, சமைத்த எடையில் இருந்தும் வாங்கிய கறியின் எடையில் இருந்தும் கழிக்க வேண்டும். இது கொஞ்சம் உத்தேசம்தான். கணக்கு முக்கியம் என்கிற நாளில் எலும்பில்லாமல் வாங்குவது நல்லது.

மூன்றாவது வடிகஞ்சி. சோற்றில் தண்ணீர் போவதற்குப் பதில் உள்ளே வருகிறது, ஆனாலும் கணக்கு அதேதான். 200 கிராம் அரிசியில் 690 கலோரி. குக்கரில் வைத்து 560 கிராம் சோறு வந்தால் 100 கிராமுக்கு 123. குழைய வைத்து 700 வந்தால் 99. ஆனால் வடித்துச் சமைக்கும் வீட்டில் கஞ்சியோடு மாவுச்சத்தும் வெளியே போகிறது. எவ்வளவு என்று பார்க்க, கஞ்சி முழுவதையும் நிறுத்து, அதில் 300 கிராமை மட்டும் சின்னத் தீயில் தீயாமல் வற்றவிட்டு, காய்ந்த பொருக்கை நிறுக்கலாம். 600 கிராம் கஞ்சி, அதில் 300 கிராமுக்கு 9 கிராம் பொருக்கு என்றால், மொத்தம் 18 கிராம் மாவு, சுமார் 70 கலோரி. 690-ல் அதைக் கழித்துவிட்டு மீதியைச் சோற்று எடையால் வகுக்க வேண்டும். கஞ்சியை உப்புப் போட்டுக் குடிக்கிற வீடென்றால், கழித்த 70-ஐக் குடித்தவர் பேரில் எழுத வேண்டும்.

ஹோட்டல் சுக்காவுக்கு இந்த முறையே செல்லாது. உள்ளே போனது என்னவென்று தெரியாமல், வெளியே வந்ததை மட்டும் நிறுத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பங்கு பிரிப்பது

"மொத்தக் கலோரியை நாலு பேரால் வகுத்தால் போதாதா, எதற்கு இத்தனை எடை?" என்று கேட்கலாம். நாலு பேரும் சமமாகத் தின்றால் போதும்தான். 1270-ஐ நாலால் வகுத்தால் 318. எந்த வீட்டில் நாலு பேரும் சமமாகச் சுக்கா தின்கிறார்கள்? அதற்காகத்தான் எடை. மொத்தம் 580, என் தட்டில் 120 கிராம் என்றால் 263 கலோரி என்னுடையது.

இந்தப் பங்குக் கணக்கு கலோரிக்கு மட்டும் இல்லை என்பதை என் மாமா ஒருவர் விஷயத்தில் பார்த்தேன். திருமங்கலத்தில் இருக்கிறார், சிறுநீரகக் கோளாறு. நாளைக்கு 45 கிராம் புரதத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். உணவுத் தாளில் "மட்டன் 50 கிராம்" என்று மட்டும் இருந்தது. பச்சையா, சமைத்ததா? அத்தை வெந்த கறித்துண்டுகளைப் பொறுக்கி 50 கிராம் நிறுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

பச்சைக்கறி 100 கிராமில் 21.4 கிராம் புரதம். 50 கிராமில் 10.7. இது வேகும்போது எப்படி மாறுகிறது என்று பார்க்க, 250 கிராம் கறியை உப்புத் தண்ணீரில் வேகவைத்து வடித்து நிறுத்தோம். 158 கிராம் நின்றது. கொஞ்சம் புரதம் சாற்றில் இறங்கியிருக்கும். அதை விட்டுவிட்டுப் பார்த்தாலும் வெந்த கறி 100 கிராமில் 30 கிராமுக்கு மேல் புரதம் நிற்கிறது. வெந்த 50 கிராம் என்றால் 15 கிராமுக்கு மேல். தாளில் நினைத்ததைவிட நாலைந்து கிராம் கூடுதல். 45-ல் அது பத்தில் ஒரு பங்கு. உணவு ஆலோசகரிடம் போனில் கேட்டோம். பச்சை எடைதான் என்றார்.

பிறகு தீர்வு சுலபம். வீட்டுக்கு 500 கிராம் கறி போட்டுச் செய்தால், மாமாவுடையது அதில் பத்தில் ஒன்று. சுக்கா எந்தப் பதத்தில் இறங்கினாலும் சரி, மொத்தத்தை நிறுத்து அதில் பத்தில் ஒன்றை அவர் தட்டில் வைத்தால், 50 கிராம் பச்சைக்கறியின் பங்கு அவருக்குப் போய்விடும். 580 என்றால் 58 கிராம். 500 என்றால் 50. அட்டவணையே தேவையில்லை.

ஒரு நிபந்தனை உண்டு. சட்டி முழுவதும் ஒரே மாதிரி இருந்தால்தான் பத்தில் ஒன்று உண்மையிலேயே பத்தில் ஒன்று. அந்த 58 கிராமும் கறித்துண்டாகவே பொறுக்கி வைத்தால் பழைய கதைதான். துண்டும் மசாலாவும் சட்டியில் இருக்கிற விகிதத்தில் வர வேண்டும். சாம்பாரில் இது இன்னும் மோசம். தெளிவு மேலே நிற்கும், பருப்பு அடியில் கிடக்கும். அடிவரை கலக்கிவிட்டு அள்ளாத கரண்டிக்கு, 100 கிராமுக்கு இத்தனை என்ற எண் பொருந்தாது.

என் நோட்டில் ஒரு சமையலுக்கு இப்போது மூன்றே வரிகள்தான். மொத்தக் கலோரி, வேண்டுமானால் மொத்தப் புரதமும். காலிச் சட்டியின் எடை. அன்றைக்கு இறக்கிய எடை. முதல் இரண்டும் மை பேனாவில். மூன்றாவது மட்டும் பென்சிலில், அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாறிவிடும்.